நுரை, குழைநுரை, டப்பா நுரை: ஒரு துண்டுத்தாளுக்காகத் தொடங்கிய பேச்சு

கதிர்:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் சமூக மன்றத்தில், விரைவில் தேசிய சேவைக்குப் போகப்போகும் பையன்களுக்காக ஒரு பக்கத் துண்டுத்தாள் போடுகிறோம். பாதிப் பேருக்கு மீசையே இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை, ஆனால் உள்ளே போனால் தினமும் மழித்த முகத்தோடு நிற்க வேண்டும். அதனால் ஷேவிங் ஃபோம், ஜெல், கிரீம், சாதாரணக் குளியல் சோப்பு, நான்கில் எது நன்றாக ஒட்ட மழிக்கும், எது முகத்தை எரிய வைக்காது என்று ஒரு சின்ன ஒப்பீடு. தமிழாக்கம் என் தலையில் விழுந்தது.

சிக்கல் இதுதான். டப்பாவை அழுத்தினால் வருகிற ஃபோமுக்கும் நுரை, பிரஷ்ஷில் தண்ணீர் விட்டுக் கலக்கி எடுக்கிற லாதருக்கும் நுரை என்று எழுதிவிட்டேன். கடைசியில் ஒரு வரி "நுரையைவிட நுரை நல்லது" என்று வந்து நிற்கிறது. என் மனைவி படித்துவிட்டு சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

இன்னொன்று, ரேசர் பர்ன். எனக்கு முன்னால் முயன்ற நண்பர் "சவரத் தீக்காயம்" என்று வைத்திருக்கிறார். படித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தோன்றுகிறது. உதவுங்கள்.

சேகர்:

கதிர், இரண்டும் நுரைதான், எதற்குத் தனிச்சொல்? எது கெட்டியாக நிற்கிறதோ அது நல்லது, அவ்வளவுதான் விஷயம். டப்பாவிலிருந்து வருவது வெண்ணெய் மாதிரி நிற்கும், கத்திக்கும் தோலுக்கும் நடுவில் மெத்தை. குளியல் சோப்பு நுரை தாடைக்கு வருவதற்குள் அடங்கிவிடும், அதோடு சோப்பில் காரம் இருக்கிறது, எரிகிறது. "கெட்டி நுரை, நீர்த்த நுரை" என்று போடுங்கள், முடிந்தது.

மல்லிகா:

சேகர் அண்ணன் சொன்னதில் பாதி சரி. நான் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் கிரீம், ஷாம்பு கலவைகள் செய்யும் பிரிவில் பல வருஷம் இருந்தேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

சோப்பு காரம், உண்மைதான். ஆனால் ஷேவிங் கிரீமும் சோப்புதான். ஸ்டியரிக் அமிலத்தைப் பொட்டாசியம் காரத்தோடு சேர்த்து, கிளிசரின் விட்டுச் செய்கிற மிருதுவான சோப்பு. குளியல் கட்டி சோடியம் காரத்தில் செய்தது, அதனால்தான் கட்டியாக இருக்கிறது. அதன் நுரை பெரிய குமிழாக வந்து சீக்கிரம் உடைகிறது. டப்பா ஃபோமிலும் பெரும்பாலும் அதே ஸ்டியரிக் அமிலச் சோப்புக் கரைசல்தான், காரம் மட்டும் வேறு. எனவே "இது காரம், அது காரமில்லை" என்று நான்கையும் பிரிக்க முடியாது.

பிரிக்க வேண்டிய இடம் தண்ணீர். தாடி முடி காய்ந்திருக்கும்போது வெட்டக் கஷ்டம், இரண்டு மூன்று நிமிஷம் நன்றாக நனைந்தால் உப்பி மிருதுவாகிவிடும், கத்தி இழுக்காமல் வெட்டும். கத்தி இழுக்கும்போதுதான் நாம் நம்மை அறியாமல் அழுத்துகிறோம், ஒரே இடத்தில் நாலு தடவை ஓட்டுகிறோம், அப்புறம் எரிகிறது. சோப்பு, கிரீம், ஃபோம் எல்லாவற்றின் முதல் வேலை அந்தத் தண்ணீரை முடியின்மேல் பிடித்து வைப்பது, இரண்டாவது வேலை வழுக்கல்.

இப்போது டப்பா நுரையைப் பாருங்கள். அந்தக் குமிழ்களுக்குள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், புரொப்பேன் மாதிரியான வாயு. தண்ணீர் குமிழின் மெல்லிய சுவரில்தான் இருக்கிறது. பார்க்க மலை மாதிரி நிற்கும், ஆனால் அதில் முக்கால்வாசிக்கு மேல் காற்றுக்கணக்கு. காய்ந்த முகத்தில் பூசினால் முடி உள்ளே காய்ந்தே இருக்கும். கிரீமைப் பிரஷ்ஷில் கலக்கும்போது தண்ணீரை நாமே உள்ளே ஏற்றுகிறோம். ஆக இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது வெறும் மொழிக் குழப்பம் மட்டுமில்லை, பையன்களுக்கு விஷயமே புரியாமல் போய்விடும்.

அருள்மொழி:

மல்லிகா சொன்னதற்குப் பிறகு சொல் தானே வருகிறது. கையால் குழைத்து எடுப்பது *குழைநுரை*. வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி, முக்காலத்துக்கும் பொருந்தும். அழுத்தினால் பீச்சிக்கொண்டு வருவது *பீச்சுநுரை*.

ஷேவிங்குக்கு "சவரம்" வேண்டாம், *மழிப்பு* இருக்கிறது. குறள் 280இல் "மழித்தலும் நீட்டலும்" என்று வரும் சொல், எல்லாருக்கும் பள்ளியிலிருந்தே தெரியும். ரேசர் பர்ன் = *மழிப்பெரிவு*.

சேகர்:

ஐயா, மன்னிக்கணும், பீச்சுநுரை என்று படித்ததும் எனக்குப் பீச்சாங்கைதான் ஞாபகம் வருகிறது. முகத்தில் பூசுகிற பொருளுக்கு அந்தப் பெயர் வேண்டாமே.

குழைநுரை நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ரஹ்மான்:

நல்ல நேரத்தில் பேச்சு எடுத்தீர்கள். எனக்கு இருபது வருஷமாக இந்த ரேசர் பர்ன் இருக்கிறது. ஷேவ் பண்ணி ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக் கழுத்தில் சின்னச் சின்னக் கொப்புளம், சிலதில் சீழ். ஃபோமை விட்டு ஜெல்லுக்கு மாறினேன், போகவில்லை. கிரீமுக்கு மாறினேன், போகவில்லை. தினமும் கீழிருந்து மேலே நன்றாக ஒட்டத்தான் வழிக்கிறேன். எந்த ஜெல் வாங்கலாம், தேக்கா பக்கம் கிடைக்குமா?

மல்லிகா:

ரஹ்மான் அண்ணே, உங்களுடையது வேறு போலிருக்கிறது. எரிச்சல் என்பது மழித்த சில நிமிஷத்திலேயே தெரியும், சிவக்கும், ஆஃப்டர்ஷேவ் பட்டால் துள்ள வைக்கும், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அடங்கும். உங்களுக்குப் பிறகு வருகிறது, முடிச்சாக வருகிறது. முடி சுருட்டையா? சுருட்டை முடியை மிக ஒட்ட வெட்டினால் அதன் கூர்முனை வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு வளரும், அதுதான் கொப்புளம். அதற்கு எந்த ஜெல்லும் மருந்தாகாது. ஒட்ட மழிப்பதை நிறுத்துவதுதான் வழி: எதிர்ப்பக்கமாக ஓட்டாதீர்கள், தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள், முடிந்தால் டிரிம்மரால் லேசாக முடி விட்டு வெட்டுங்கள். சீழ் இருப்பதால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

கதிர், ஆகவே இரண்டு சொல் வேண்டும், ஒன்று போதாது. எரிவுக்கு ஒன்று, இந்த முடிச்சுக்கு ஒன்று. தாளின் தலைப்பில் "ஒட்ட மழிக்கவும் எரியாமல் இருக்கவும்" என்று சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள், சுருட்டை முடிக்காரனுக்கு அந்த இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

கதிர்:

நன்றி அக்கா. ஜெல்லை விட்டுவிட்டோமே? அதுவும் கையில் தேய்த்தால் நுரைதானே ஆகிறது.

மல்லிகா:

ஆமாம், அது தனி ரகம். அதற்குள் ஐசோபென்டேன் கலந்திருக்கும், 28 டிகிரி அளவில் கொதிக்கிற திரவம். டப்பாவுக்குள் தள்ளுகிற வாயுவை ஜெல்லோடு கலக்காமல் தனியாக வைத்திருப்பார்கள், அதனால் ஜெல்லாகவே வெளியே வரும், தோலின் சூடு பட்டதும் உள்ளிருந்து பொங்கும். குளிர் நாட்டில் முகத்தில் தேய்க்கும்வரை காத்திருக்கும். நம் வீவக வீட்டுக் குளியலறையே முப்பது டிகிரியில் இருக்கிறது, உள்ளங்கையில் எடுத்து வைத்துவிட்டு முகம் நனைக்கத் திரும்பினால் அதற்குள் கையிலேயே பொங்கிவிடும். முகத்தை முதலில் நனைத்துவிட்டு அப்புறம் எடுங்கள், ஜெல்லாக இருக்கும்போதே தோலில் தேய்த்தால்தான் அது முடியின் அடிக்குப் போகும். அந்த வகையில் டப்பா நுரையைவிட இது ஒரு படி மேல் என்பது என் கருத்து.

அருள்மொழி:

*பொங்குகூழ்*?

சேகர்:

தைப்பொங்கல் வந்துவிட்டது.

கதிர்:

ஒரு வாரம் முகத்தை இரண்டாகப் பிரித்து முயன்று பார்த்தேன். இடப்பக்கம் டப்பா நுரை, வலப்பக்கம் கிரீம், ஒரே ரேசர், திங்கட்கிழமை புது பிளேடு.

முதல் இரண்டு நாள் கிரீம் பக்கம்தான் மோசம். பாதாம்பருப்பு அளவு கிரீம் எடுத்து, பிரஷ்ஷை உதறிவிட்டுக் கலக்கினேன், பசை மாதிரி வந்தது, கத்தியில் அடைத்துக்கொண்டு இழுத்தது. புதன்கிழமை, கலக்கக் கலக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சொட்டவிட்டேன், ஒரு டீஸ்பூன் வரை போயிருக்கும், முகத்தில் இன்னொரு நிமிஷம் பிரஷ் சுற்றினேன். அன்றைக்குத்தான் வந்தது: குமிழே கண்ணுக்குத் தெரியாமல், கெட்டித் தயிர்மேல் இருக்கிற மினுமினுப்பு. கத்தி போன இடத்தில் விரல் வைத்தால் இன்னும் வழுக்கியது. டப்பா நுரைப் பக்கம் கத்தி போனதும் தோல் வெறுமையாகிவிடும், இரண்டாம் தடவை ஓட்ட மறுபடி பூச வேண்டும், நான் பூசாமல் ஓட்டியதும் தாடைக்குக் கீழே எரிந்தது.

கன்னத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கழுத்தில்தான். சனிக்கிழமை முழுமுகத்துக்கும் குளியல் சோப்பு போட்டுப் பார்த்தேன், அடிக்கடி தண்ணீர் தொட்டுக்கொண்டே இருந்தால் காரியம் நடக்கிறது, முடித்ததும் முகம் அப்பளம் மாதிரி இறுகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து, ஈரத்தைத் துடைக்காமல் டப்பா நுரை போட்டேன். கழுத்து எரியவில்லை! அதனால் துண்டுத்தாளின் முதல் வரியே "குளித்த பிறகு மழியுங்கள்" என்று மாற்றுகிறேன். முகாமில் எவன் பிரஷ் வைத்துக்கொண்டு குழைக்கப் போகிறான்?

மல்லிகா:

முதல் வரி அருமை. முடிவை மட்டும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். நீங்கள் வலக்கைக்காரர் என்றால் இடக் கழுத்துக்குக் கையை வளைத்துக்கொண்டு போவீர்கள், அங்கே அழுத்தம் மாறும். பக்கத்தை மாற்றி இன்னொரு வாரம் செய்தால்தான் நுரையின் குற்றமா கையின் குற்றமா என்று தெரியும். பிளேடு மழுங்கிவிட்டால் இந்த நான்கு பொருளுக்கும் உள்ள வித்தியாசமே மறைந்துவிடும், அதையும் ஒரு வரி போடுங்கள்.

கதிர்:

போடுகிறேன் அக்கா. இப்போதைக்கு அச்சுக்குப் போவது: *டப்பா நுரை*, *குழைநுரை*, ஜெல்லுக்கு ஜெல்லேதான். ரேசர் பர்னுக்கு "சவர எரிச்சல்", ரஹ்மான் அண்ணனுடையதற்கு "உள்முடிக் கொப்புளம்".

அருள்மொழி:

"மழியுங்கள்" என்று முதல் வரி எழுதிவிட்டு ஐந்தாம் வரியில் "சவர" எரிச்சலா? மழிப்பெரிவில் என்ன குறை?

கதிர்:

குறை இல்லை ஐயா. வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், என் மகன் "மழை பெய்யுதா" என்று கேட்டான்.

சேகர்:

நேற்று தேக்காவில் முடி வெட்டப் போனபோது கடைப் பெரியவரிடம் கேட்டேன், அண்ணே, பிரஷ்ஷில் கலக்குறீங்களே அதுக்கு என்ன பேர் சொல்வீங்க என்று. பிரஷ்ஷை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். "பேர் எதுக்கு? சோப்புப் போடுறேன். தலையை ஆட்டாம இரு."