மார்ச் 31 நூல் குடோன் இருப்பு எண்ணிக்கை: 14 பை குறைந்தால் எங்கே தேடுவது?

ஆர்ட்டிகிள்_தம்பி:
திருப்பூர் பக்கம் ஒரு நூல் குடோன். 30ஸ் கவுன்ட் நூல், 50 கிலோ பைகள். 31 மாலை எண்ணியபோது டாலியில் 412, தரையில் 398. ஆடிட் தரப்பில் பார்வையாளராகப் போனவன் அடுத்து என்ன செய்ய வேண்டும்? குடோன்காரர் "10 சதவீதத்துக்குள்தானே, விடுங்க சார்" என்கிறார்.

கணக்குப்பிள்ளை:
அவர் சொல்வது சரிதான். காரோ என்ற ஆடிட் அறிக்கை உத்தரவில் 10 சதவீதமோ அதற்கு மேலோ போனால்தான் அறிக்கையில் எழுத வேண்டும். இது மூன்றரை சதவீதம்கூட இல்லை.

பழைய_ஆடிட்டர்:
பாதி சரி. அந்த 10 சதவீதம் ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்வதற்கான அளவு. கணக்கைத் திருத்தாமல் விட அது அனுமதி இல்லை. 14 பை என்றால் 700 கிலோ நூல் ஆயிற்றே.

தம்பி, முதலில் கட்-ஆஃப் பாருங்கள். எண்ணத் தொடங்கும் முன்பே கடைசி சரக்கு வரவுச் சீட்டு, கடைசி டெலிவரி சலான், கேட் ரிஜிஸ்டரின் கடைசி வரி, மூன்றின் எண்களையும் குறித்திருப்பீர்கள். மார்ச் கடைசி நான்கைந்து நாள், ஏப்ரல் முதல் வாரம், இரண்டுக்கும் சலானையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சலான் போட்டுப் பில் போடாதது, பில் போட்டும் வண்டி ஏறாதது, இரண்டும் சிக்கும். நூல் குடோனில் மூன்றாவதாக ஒன்று உண்டு: ஜாப் ஒர்க்குக்கு நிட்டிங் யூனிட் போன பைகள்.

ஆர்ட்டிகிள்_தம்பி:
பார்த்தேன் சார். 28ஆம் தேதி 20 பை நிட்டிங்குக்குப் போயிருக்கிறது. சலான் இருக்கிறது, டாலியில் குடோன் மாற்றம் போடவில்லை. இன்னொரு 8 பைக்கு 31 காலையிலேயே பில் போட்டு டாலியில் கழித்துவிட்டார்கள். பை இன்னும் மூலையில் கிடக்கிறது, அதையும் சேர்த்துத்தான் 398.

பழைய_ஆடிட்டர்:
அப்படியானால் 412இல் 20 கழியுங்கள், 8 கூட்டுங்கள். 400 வருகிறது. உண்மையான குறைவு 2 பைதான்.

20 பையை நஷ்டம் என்று எழுதிவிடாதீர்கள். அது கம்பெனியின் சரக்கு, இடம்தான் வேறு. நிட்டிங் யூனிட்டிடமிருந்து 31ஆம் தேதி இருப்புக்கு நேரடியாக எழுத்துமூல உறுதி வாங்குங்கள். அதற்குள் பாதி துணியாகியிருக்கலாம், அதனால் நூல் எவ்வளவு, துணி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
8 பை விற்றாயிற்றே, எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிட்டால் போதாதா?

பழைய_ஆடிட்டர்:
எடுத்தாலும் குறைவு அதே 2தான்: 390க்கு எதிரே 392. கேள்வி வேறு, விற்பனை இந்த வருஷமா அடுத்த வருஷமா? வாங்குபவரே "வண்டி அனுப்பும் வரை வையுங்கள்" என்று எழுதிக் கேட்டாரா, அவர் பெயரில் தனியாக அடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மார்ச் இலக்குக்காகப் போட்ட பில் என்றால் விற்பனையைத் திருப்ப வேண்டும். ஆவணம் பார்க்காமல் இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது.

மருந்து_மொத்தம்:
எங்கள் மருந்து குடோனில் பேட்ச்வாரியாகத் தினமும் கொஞ்சம் எண்ணுகிறோம். வருஷக் கடைசியில் மூடுவதே இல்லை. காலாவதிச் சரக்கை எண்ண வேண்டுமா?

பழைய_ஆடிட்டர்:
எண்ண வேண்டும், தனித் தாளில். மதிப்புப் போடுவது பிறகு. இங்கே பேச்சு நூலைப் பற்றி.

குடோன்_கீப்பர்:
அந்த 2 பைக்கு 40ஸ் அடுக்கைப் பாருங்கள். பை வெளியே ஒரே மாதிரி இருக்கும். சந்தேகப்பட்ட பையைப் பிரித்து கோன் முனை நிறத்தையும் உள் லேபிளையும் பார்த்தால் தெரிந்துவிடும். அடுக்கை நீளம் × அகலம் × உயரம் என்று பெருக்கியிருந்தால் அதையும் நம்பாதீர்கள். நடுவில் குழி இருக்கும், வெளியிலிருந்து தெரியாது. மேலே ஏறிப் பார்க்கணும்.

ஆர்ட்டிகிள்_தம்பி:
குழி எதுவும் இல்லை. 40ஸ் அடுக்கில் 1 பை கூடுதல், பிரித்தால் 30ஸ் கோன். மீதி 1 பைக்கு எந்தத் தாளும் இல்லை.

பழைய_ஆடிட்டர்:
30ஸில் 1 ஏற்றுங்கள்; 40ஸ் தாளில் அந்தப் பையையும் சேர்த்து எழுதியிருந்தால் அங்கே 1 இறக்குங்கள். எண்ணிக்கை நிகராகும், ஆனால் இரண்டுக்கும் விலை வேறு என்பதால் மதிப்பு மாறும். மீதி ஒன்றைக் குடோன் பொறுப்பாளர் கையெழுத்தோடு தள்ளுபடி செய்யச் சொல்லுங்கள். காணாமல் போன சரக்குக்கு ஜிஎஸ்டி 17(5)(எச்) பிரிவின்படி உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும், அதை மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று. உங்கள் சோதனை எண்ணிக்கை இரண்டு பக்கமும் போனதா? தாளிலிருந்து தரைக்குப் போனால் இல்லாத சரக்கு தெரியும். தரையிலிருந்து தாளுக்கு வந்தால்தான் எழுதாமல் விட்டது தெரியும்.

ஆர்ட்டிகிள்_தம்பி:
முதல் பக்கம் மட்டும்தான் செய்தேன் சார். எண்ணியவர்கள் கையிலிருந்த தாளில் டாலி எண்ணும் அச்சாகியிருந்தது.

குடோன்_கீப்பர்:
அப்புறம் ஒரு பை கூடுதலாக இருந்தும் தாளில் எப்படி 40ஸ் டாலியோடு சரியாக வந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை.

பழைய_ஆடிட்டர்:
30ஸ் தவிர மற்ற கவுன்ட்டுகளில் சிலவற்றை வெற்றுத் தாளில் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். ஏப்ரலில் எண்ணினாலும் பரவாயில்லை, 31க்குப் பிறகு வெளியே போனதைக் கூட்டி, உள்ளே வந்ததைக் கழித்து அன்றைய இருப்புக்குத் திரும்பிவிடலாம்.