கலைச்சொல் விவாதம்: இரண்டு வீட்டுக் கல்யாண வேலையை மாறி மாறிக் காட்டும் தொகுப்புக்கு என்ன சொல்?

தேன்மொழி:

அனைவருக்கும் வணக்கம். படத்தொகுப்பு படிக்கிற மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். கிராஸ் கட்டிங் என்ற இடத்தில் வந்து நிற்கிறேன்.

கையேட்டில் கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு இது. பெண் வீட்டில் விடியற்காலையில் தலை பின்னிப் பூ வைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் தாம்பாளங்களை எண்ணி வேனில் ஏற்றுகிறார்கள். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாறிக்கொண்டே போக, ஷாட்டுகள் வரவரச் சிறியதாகி, வேகம் ஏறி, மண்டபத்தில் கெட்டிமேளத்தோடு முடிகிறது.

இதற்கு இணைத்தொகுப்பு, குறுக்குவெட்டு, பின்னல் தொகுப்பு என்று மூன்று சொற்களை எழுதி வைத்திருக்கிறேன். பாரலல் எடிட்டிங் என்பதும் இதுவேதானா, தனிச் சொல் வேண்டுமா என்பதும் குழப்பமாக இருக்கிறது. உங்கள் கருத்து தேவை.

கார்த்திக்:

குறுக்குவெட்டு என்றே வைத்துவிடலாம், நேராகப் புரிகிறது. பாரலல் எடிட்டிங்கும் இதுவும் ஒன்றுதான், இரண்டு சொல் தேவையில்லை. 1909இல் கிரிஃபித் தன் "தி லோன்லி வில்லா" படத்தில் கண்டுபிடித்த உத்தி இது. வீட்டுக்குள் மனைவியும் மகள்களும், கதவை உடைக்கும் திருடர்கள், வழியில் ஓடி வரும் கணவன். அதில் இருப்பதைத்தான் நாம் இன்றும் செய்கிறோம்.

சண்முகம்:

தம்பி கார்த்திக், குறுக்குவெட்டு ஏற்கெனவே குடியேறிய சொல். தாவரத் தண்டை அறுத்து உள்ளே பார்ப்பதைத்தான் பள்ளிப் பாடநூல் குறுக்குவெட்டுத் தோற்றம் என்கிறது. பத்தாம் வகுப்பு படித்த எந்தப் பிள்ளைக்கும் அந்தப் படம்தான் முதலில் கண்ணில் வரும். வேறு சொல் தேடுவோம்.

ஜெபராஜ்:

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். அக்கா கேட்பது மிக்ஸரில் இரண்டு கேமராவை மாற்றி மாற்றிப் போடுவதுதானே? நாங்கள் அதை ஸ்விட்சிங் என்போம். அதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

அப்புறம் ஒரு விஷயம். எங்களிடம் இப்போது எல்லாரும் இரண்டு வீட்டையும் சேர்த்துக் காட்டு என்கிறார்கள். போன மாதம் பெண் வீட்டில் காலை ஐந்தரைக்கு எடுத்தோம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து. தாலி கட்டி முடிந்த பிறகு மாப்பிள்ளையை மறுபடி வேட்டி கட்டச் சொல்லி எடுத்தோம். சேர்த்துப் போட்டால் ஒரே நேரம் மாதிரியே இருக்கவில்லை. அங்கே விளக்கு வெளிச்சம், இங்கே ஜன்னல் முழுக்க வெயில். போதாததற்கு ஒரு ஷாட்டில் சுவர்க் கடிகாரம் பத்தே கால் காட்டியது. வீட்டுக்காரர்கள் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

ரஃபீக்:

ஜெபராஜ், நீங்கள் சொன்ன ஸ்விட்சிங் வேறு. ஒரே மண்டபத்தில், ஒரே நிகழ்ச்சியை இரண்டு கோணத்தில் பார்ப்பது அது. தேன்மொழி கேட்பது இரண்டு இடம், இரண்டு நிகழ்ச்சி. ஆனால் உங்கள் கடிகாரம்தான் இந்த விவாதத்தின் மையம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெண் வீட்டைக் காட்டிவிட்டு மாப்பிள்ளை வீட்டைக் காட்டினால், இரண்டும் ஒரே வேளையில் நடக்கிறது என்று யாரும் சொல்லாமலே பார்ப்பவர் நம்பிக்கொள்கிறார். அந்த நம்பிக்கையில்தான் எல்லாம் ஓடுகிறது. கடிகாரமோ வெயிலோ அதை உடைத்தால், மீதி இருப்பது இரண்டு தனி வீடியோத் துண்டுகள். கடிகாரத்தை வெட்டிவிடலாம். வெயில் அடிக்கும் ஜன்னலைத் தவிர்த்துக் கை, முகம், தாம்பாளம் என்று குளோஸப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு தப்பிக்கலாம். நிறத்தைச் சரிசெய்து பொருத்துவது அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்று. நாம் மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் நேரத்தில் பெண் வீட்டிலும் காலம் ஓடுகிறது. பின்னல் பாதியில் இருக்கும்போது அங்கே போகிறேன். ஆறு விநாடி தாம்பாளம் எண்ணுவதைக் காட்டிவிட்டுத் திரும்பினால், பின்னி முடித்துப் பூவும் வைத்துவிட்டார்கள். உண்மையில் அதற்கு அரை மணி நேரம் ஆகும். ஆனாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. விட்டுப்போன நேரம் அந்த ஆறு விநாடிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. எடிட்டருக்கு இந்த உத்தியால் கிடைக்கும் பெரிய வசதி இதுதான். மறுபக்கம் செல்லாது: திரும்பி வரும்போது வேலை முன்பு இருந்ததற்குப் பின்னால் போயிருந்தால், பூ வைத்த தலையில் மறுபடி சீப்பு ஓடினால், உடனே பிடித்துவிடுவார்கள்.

வேகம் ஏறுவதைப் பற்றி. புதிதாக எடிட் செய்ய வருகிறவர்கள் பத்து விநாடி, எட்டு, ஆறு, நான்கு என்று இரண்டு பக்கமும் சமமாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். மூன்றாவது சுற்றிலேயே பார்ப்பவருக்கு வெட்டு எப்போது வரும் என்று தெரிந்துவிடும், பதற்றம் போய்விடும். நான் செய்வது வேறு. தேன்மொழியின் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டுப் பத்து விநாடி, இது யார் வீடு என்று பிடிபடுவதற்கு. நடுவில் ஒரு பக்கம் தடங்கல் வைக்கிறேன்: தாலி இருக்கும் பெட்டிச் சாவியைக் காணவில்லை. இப்போது மாப்பிள்ளை வீட்டில் ஏழு விநாடி நிற்கிறேன், பெண் வீட்டுக்கு இரண்டே விநாடி. அங்கே அவள் மணையில் உட்கார்ந்து காத்திருக்கிறாள், அவ்வளவுதான். சமநிலை இப்படிக் குலையும்போதுதான் பார்ப்பவர் நாற்காலி நுனிக்கு வருவார். சாவி கிடைத்த பிறகு இரண்டு பக்கமும் ஒரு விநாடி, கடைசியில் பன்னிரண்டு ஃபிரேம், அதாவது அரை விநாடி. அதற்கும் கீழே போனால் முகம் பதிவதில்லை, துடிப்பு மட்டும்தான் தெரியும்.

வண்டிகளின் திசையையும் கவனிக்க வேண்டும். பெண்ணின் கார் திரையில் இடமிருந்து வலமாகவும் மாப்பிள்ளையின் வேன் வலமிருந்து இடமாகவும் ஓடினால், ஒருவரை நோக்கி ஒருவர் வருவதாகத் தோன்றும். இரண்டும் ஒரே பக்கம் ஓடினால் ஒருவர் மற்றவரைத் துரத்துவதாக ஆகிவிடும். படப்பிடிப்பிலேயே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. மேசையில் படத்தைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கப் பார்த்தால் பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி மாட்டிக்கொள்வோம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். எங்கள் அறையில் கிராஸ் கட்டிங் என்று யாரும் சொல்வதில்லை, "இந்த ரெண்டையும் இன்டர்கட் பண்ணு" என்பார்கள். அதனால் வினையாகவும் புழங்கும் சொல்லாக இருக்கட்டும். ஊடுவெட்டு என்றால், "ஊடுவெட்டிப் பாரு" என்று சொல்ல முடிகிறது. ஒரு குறை: தொலைபேசியில் பேசும் இருவரை மாறி மாறிக் காட்டுவதும் இன்டர்கட்தான். அதில் ஏறுமுகம் எதுவும் இல்லை.

கார்த்திக்குக்கு ஒரு சின்னத் திருத்தம். கிரிஃபித் இதைக் கண்டுபிடித்தார் என்று கையேட்டில் எழுத வேண்டாம். 1908இல் வந்த பதே நிறுவனத்துப் பிரெஞ்சுப் படத்திலேயே இந்த மாதிரிக் கதை இருக்கிறது. பழக்கமாக, தனக்கென்று ஒரு மொழியாக அவர் வளர்த்தார் என்றால் சரியாக இருக்கும்.

சண்முகம்:

ரஃபீக் அவர்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நம் இலக்கணச் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது: உடனிகழ்ச்சி. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களில் ஒன்று. "ஆசிரியரோடு மாணவர் வந்தார்" என்பதில் அந்த ஓடு தருவது இதுதான். ஆகவே உடனிகழ் தொகுப்பு. ஒரே வேளையில் நடப்பவை என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வேகம், ஏற்றம் எல்லாவற்றையும் ஒரு சொல்லின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

இந்தப் பழக்கம் நம் கதைமொழிக்கும் புதிதல்ல. தொடர்கதைகளில் "இது இப்படியிருக்க" என்று எழுதி அடுத்த ஊருக்குப் போய்விடுவார்களே.

தேன்மொழி:

ஐயா, உடனிகழ் மிகவும் பொருத்தமாகப் படுகிறது. 1991இல் வந்த "தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்" படத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். வெளியே போலீஸ் ஒரு வீட்டைச் சூழ்கிறது, உள்ளே கொலைகாரன். மணி அடிக்கிறது, அவன் கதவைத் திறக்கிறான், நிற்பது கதாநாயகி மட்டும். போலீஸ் சூழ்ந்தது வேறு ஊரில் வேறு வீடு. அங்கே நம்மை ஏமாற்றியது இடம், நேரம் அல்ல. இரண்டும் ஒரே வேளைதான். எனவே இந்தச் சொல் அங்கேயும் செல்லும்.

பின்னல் தொகுப்பை எடுத்துவிட்டேன். மூன்று நான்கு கதை ஓடும் படங்களின் திரைக்கதைக்கே பின்னல் என்று எல்லாரும் எழுதுகிறார்கள்.

கார்த்திக்:

திருத்தத்துக்கு நன்றி, ரஃபீக் அண்ணா. ஆனால் உடனிகழ் பற்றி எனக்கு ஒரு தடை இருக்கிறது. அதே கிரிஃபித் 1916இல் எடுத்த "இன்டாலரன்ஸ்" படத்தில் நான்கு கதைகள்: பாபிலோன், ஏசுவின் காலம், 1572இல் பிரான்ஸ், பிறகு அவர் காலத்து அமெரிக்கா. ஒன்றுக்கொன்று நூற்றாண்டுக் கணக்கில் தூரம். உடன் நிகழ்வதே இல்லை. ஆனால் கடைசிப் பகுதியில் ரஃபீக் அண்ணா சொன்ன மாதிரியே வெட்டுகள் குறுகி நான்கும் ஒன்றாக ஏறுகின்றன. அதை எந்தப் பெயரில் போடுவது?

ரஃபீக்:

நல்ல கேள்வி. அங்கேதான் இணைத்தொகுப்பு வேண்டும் என்று நினைக்கிறேன். காலம் ஒன்றாக இல்லை, கருத்து மட்டும் இணையாகப் போகிறது. பாரலல் எடிட்டிங்குக்கு அதைக் கொடுத்துவிடலாம். ஆனால் புத்தகங்களில் பலர் இரண்டு பெயரையும் ஒரே பொருளில் எழுதுகிறார்கள் என்பதையும் கையேட்டில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் படிக்கப் போகும் மாணவர் குழம்புவார்.

1972இல் வந்த "தி காட்ஃபாதர்" படத்தின் ஞானஸ்நானக் காட்சி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கோயிலில் குழந்தைக்குச் சடங்கு, வெளியே கொலைகள். ஒரே வேளை என்பதால் உடனிகழ். ஆனால் அதன் அடி எல்லாம் எதிரெதிராக வைத்துப் பார்ப்பதில்தான் விழுகிறது. ஆர்கன் இசையும் பாதிரியாரின் குரலும் நிற்காமல் கொலைகளின் மேலும் ஓடுவதால்தான் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஜெபராஜ், உங்களுக்கும் இது உதவும்: பெண் வீட்டு நாதஸ்வரத்தை நிறுத்தாமல் மாப்பிள்ளை வீட்டுப் படத்தின் மேலும் ஓடவிடுங்கள். வெளிச்ச வித்தியாசம் பாதி மறைந்துவிடும்.

ஜெபராஜ்:

அண்ணா, அப்படியே போட்டுப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார், எங்கள் வீட்டில் வாசித்த பேண்டு எங்கே என்று கேட்கிறார்கள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

தேன்மொழி:

இப்போதைக்கு இப்படி எழுதி வைக்கிறேன். மேசையில் செய்யும் வேலைக்கு ஊடுவெட்டு. அதனால் உருவாகும், ஒரே வேளையில் ஓடும் தொடருக்கு உடனிகழ் தொகுப்பு. காலம் விலகிக் கருத்தால் சேர்வதற்கு இணைத்தொகுப்பு.

இரண்டு தரப்பும் ஒரே ஃபிரேமுக்குள் வந்துவிட்டால், கெட்டிமேளத்துக்குப் பிறகு, இது முடிந்துவிடுகிறது என்று ஒரு வரி சேர்க்கிறேன். அங்கிருந்து சாதாரண எதிர்ஷாட்டுகள்தான். ஞானஸ்நானக் காட்சியை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்பதில் இன்னும் எனக்குத் தெளிவில்லை. சண்முகம் ஐயா, வேகம் ஏறும் அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு சொல் கிடைக்குமா? ஏறுமுகத் தொகுப்பு என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன், ஆனால் துரத்தல் காட்சிக்கும் அதையே சொல்லிவிடுவார்களோ என்று தயங்குகிறேன்.