புதுப்பிப்பு: விளிம்பில் தவறிய தாவல்

முன்பு கேட்டது: "நான் செய்யும் கேமில், பாறை விளிம்பில் பட்டனை அழுத்தியும் ஆள் தாவாமல் விழுகிறது, என்ன செய்யலாம்?"

கோத்தகிரியில் அக்கா மகளிடம் மறுபடி விளையாடக் கொடுத்தேன். பாறையின் மோதல் பெட்டியை அகலமாக்கச் சொன்னது பாதிதான் உதவியது. விழவில்லை, ஆனால் ஆள் காற்றில் நிற்பதுபோல் தெரிந்தது. கயோட்டி டைம் சொன்ன அண்ணனுக்கு நன்றி. அதன்படி, தரையை விட்ட பிறகும் 0.1 நொடி வரை பட்டனை அழுத்தித் தாவலாம். தரை தொடுவதற்கு 0.1 நொடி முன்பு அழுத்தியதையும் பஃபரில் வைத்திருந்து, தொட்டதும் தாவ விட்டேன்.

அப்புறம் ஒரு சிக்கல். அவள் படபடவென்று அழுத்தியதும் காற்றிலேயே இரண்டாவது தாவல் வந்தது. தாவியதும் இந்த இரண்டு நேரக் கணக்கையும் பூஜ்யமாக்கினேன், நின்றுவிட்டது.

```
if buffer > 0 and coyote > 0:
    jump()
    buffer = 0
    coyote = 0
```

ஜாய்ஸ்டிக் பழுதா என்று கேட்டவருக்கு: இல்லை, கீபோர்டுதான். நகரும் பாறைகளில் இன்னும் சோதிக்கவில்லை.