உதவி: "இது பெறுபேறு இல்லை" என்று அத்தியாயத்தைத் திருப்பித் தந்துவிட்டார்

கிளி_மாணவி
வணக்கம். இறுதியாண்டு ஆய்வேடு. நாலாம் அத்தியாயத்தை மேற்பார்வையாளர் சிவப்பு மையால் கீறித் திருப்பித் தந்துவிட்டார், ஓரத்தில் "இது பெறுபேறு இல்லை, கலந்துரையாடல்" என்று மட்டும்தான் இருக்கிறது. விளக்கத்தை எடுத்துவிட்டால் வெறும் எண்கள்தானே மிஞ்சும், அது அட்டவணையிலேயே இருக்கிறதே? வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், யாராவது சொல்லுங்கோ.

வவுனியா_வரன்
என்ன ஆய்வு தங்கச்சி? கேள்விக்கொத்தா, நேர்காணலா? எத்தனை பேர்? கீறிய வசனத்தில் ஒன்றையாவது போட்டால்தானே எங்களுக்கும் விளங்கும்.

நெடுங்கேணியான்
எஸ்பிஎஸ்எஸ் அட்டவணையை அப்படியே வெட்டி ஒட்டியிருப்பீர்கள். எனக்கும் அதற்குத்தான் திட்டு விழுந்தது. வேர்ட்டில் புதிதாக அடித்துக் கொடுங்கள், சரியாகிவிடும்.

சுமதி_முல்லை
நான் முல்லைத்தீவுக் கரையோரத்தில் மீன்பிடிக் குடும்பத்துப் பெண்களை நேர்கண்டு செய்தேன். பெறுபேறும் கலந்துரையாடலும் ஒரே அத்தியாயம்தான், ஒரு பெண் சொன்னதைப் போட்டுவிட்டு அடுத்த பந்தியிலேயே அது எதைக் காட்டுகிறது என்று எழுதினேன், ஒருவரும் குறை சொல்லவில்லை. உங்கள் சேரிடமும் கேட்டுப் பாருங்கள், சிலர் தேவையில்லாமல் பிரிக்கச் சொல்வார்கள்.

பழைய_பேனா
மாதம் தவறாமல் இதே கேள்வி. முதலாம் ஆண்டில் ஆய்வு முறையியல் வகுப்பில் நித்திரை கொண்டால் நாலாம் ஆண்டில் இப்படித்தான் ஓடித் திரிய வேண்டும். பெறுபேறு என்றால் எண், அவ்வளவுதான். "அதிகம்" என்று எழுதினாலே அது விளக்கம்.

கிளி_மாணவி
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். சமூகவியல், கேள்விக்கொத்து, இரணைமடுப் பக்கம் 120 பெண்கள். நுண்கடன் எடுத்தவர்கள் 80 பேர், அதில் 48 பேர் நகை அடகு வைத்திருக்கிறார்கள். எடுக்காதவர்கள் 40 பேர், அதில் 14 பேர். கைவர்க்கம் 6.67, p 0.010. கீறிய வசனம் இதுதான்:

"நுண்கடன் 60% பெண்களை நகை அடகு வைக்கத் தள்ளியுள்ளது என்பது தெளிவாக நிரூபணமாகிறது. மாறாக, கடன் எடுக்காதவர்களில் 35% பேர் மட்டுமே தமது வறுமையால் அடகு வைத்துள்ளனர்."

இதில் என்ன பிழை? எண் எல்லாம் சரி.

மாங்குளம்_ரீச்சர்
எண் சரிதான் பிள்ளை, எண்ணைச் சுற்றி நிற்பவைதான் பிரச்சினை. ஒவ்வொன்றாகப் பாருங்கள். "தள்ளியுள்ளது" என்றால் காரணம் சொல்கிறீர்கள். நீங்கள் ஒரே தடவை போய் "கடன் இருக்கிறதா, நகை அடகில் இருக்கிறதா" என்றுதான் கேட்டிருப்பீர்கள், எது முதலில் நடந்தது என்று அந்தப் படிவத்துக்குத் தெரியாது. "தமது வறுமையால்" என்பதும் அப்படித்தான், ஏன் அடகு வைத்தீர்கள் என்று ஒரு கேள்வி இல்லாவிட்டால் அந்தச் சொல் உங்கள் தலையிலிருந்து வந்தது, அட்டவணையிலிருந்து வரவில்லை. "மட்டுமே" எழுதினால் 35 குறைவு என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். "தெளிவாக நிரூபணமாகிறது" என்பதை எந்த அத்தியாயத்திலும் எழுத வேண்டாம்.

நான் என்றால் இப்படி எழுதுவேன்:

"நுண்கடன் பெற்ற 80 பெண்களில் 48 பேர் (60%) நகை அடகில் இருப்பதாகக் கூறினர். கடன் பெறாத 40 பேரில் 14 பேர் (35%) அவ்வாறு கூறினர். இவ்விரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளிவிவர ரீதியில் பொருளுடையதாக இருந்தது, χ²(1, N = 120) = 6.67, p = 0.010."

"கூறினர்" என்பதைக் கவனியுங்கள். அடகுத் துண்டை நீங்கள் பார்க்கவில்லை, அவர்கள் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டு வந்தீர்கள். பிறகு, எல்லா எண்ணையும் வசனத்தில் திரும்ப ஒப்பிக்கத் தேவையில்லை, உங்கள் ஆய்வு வினாவுக்கு விடை தருகிற ஒப்பீட்டை மட்டும் சொன்னால் போதும், மிச்சம் அட்டவணையில் கிடக்கட்டும்.

ஒன்று கேட்க வேண்டும், தரவு எந்த மாதம் எடுத்தீர்கள்?

பழைய_பேனா
"பொருளுடையதாக இருந்தது" என்பதே விளக்கம்தான் ரீச்சர். p ஐப் போட்டுவிட்டு விட வேண்டும்.

மாங்குளம்_ரீச்சர்
0.05 என்ற எல்லையை மூன்றாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டால், 0.010 அதற்குள் விழுந்தது என்பது வாசிப்புத்தான். அதே போல 60, 35 ஐ விட அதிகம் என்பதும் யார் பார்த்தாலும் ஒன்றுதான். "அதிர்ச்சியளிக்கும் அளவுக்கு அதிகம்" என்றால் ஆளுக்கு ஆள் மாறும், அதை வெட்டுங்கள். நீங்கள் சொல்கிறபடி உரிச்சொல் முழுவதையும் உருவிவிட்டால் பிள்ளைகள் எழுதுவது சாமான் பட்டியல் மாதிரி ஆகிவிடும்.

வவுனியா_வரன்
எனக்கு இன்னொரு சந்தேகம். 2க்கு 2 அட்டவணை என்றால் எஸ்பிஎஸ்எஸ் இரண்டு வரி தரும். Pearson Chi-Square வரியில் 6.67, அதற்குக் கீழே Continuity Correction வரியில் 5.71, p 0.017 என்று வந்திருக்க வேண்டும், இப்போது கையால் போட்டுப் பார்த்தேன். எங்களுக்குப் படிப்பித்தவர் 2க்கு 2 என்றால் திருத்திய வரிதான் என்பார்.

பழைய_பேனா
வரன் சொல்வதுதான் சரி. திருத்தாமல் போடுவது ஏமாற்று.

மாங்குளம்_ரீச்சர்
ஏமாற்று என்பது பெரிய சொல். இங்கே எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை மிகக் குறைந்த கட்டத்திலேயே 19க்கு மேல் வருகிறது, அந்தத் திருத்தம் தேவைக்கு மிஞ்சி இறுக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. எதைப் போட்டாலும் எதைப் போட்டீர்கள் என்று எழுதுங்கள், p சின்னதாக வருகிற வரியைத் தேடிப் பிடிக்காமல் இருந்தால் சரி.

சுமதி_முல்லை
அப்போ நான் சேர்த்து எழுதியது பிழையா?

மாங்குளம்_ரீச்சர்
இல்லை அம்மா, நேர்காணல் ஆய்வில் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், மேற்கோளையும் அதன் பொருளையும் பிரித்தால் வாசிப்பவருக்குப் பிடி கிடைக்காது. இவவுடையது கேள்விக்கொத்து.

கிளி_மாணவி
ரீச்சர், கார்த்திகையில் எடுத்தேன். ஏன்?

மாங்குளம்_ரீச்சர்
நினைத்தேன். கார்த்திகை என்றால் காலபோகம் விதைத்து முடிந்த நேரம். விதைநெல், உழவுகூலி, பசளை என்று நகை வங்கிக்குப் போயிருக்கும், மாசி பங்குனியில் வெட்டி விற்ற பிறகு மீட்பார்கள். கடன் எடுத்தவர்களில் வயல் செய்கிறவர்கள் கூட என்றால் உங்கள் 60 வீதத்தில் ஒரு பங்கு வயலுக்கான அடகாக இருக்கலாம். கடன் தவணை கட்ட அடகு வைத்ததாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் எடைபோடுகிற இடம்தான் ஐந்தாம் அத்தியாயம். நாலில் "தள்ளியது" என்று முடித்துவிட்டால் ஐந்தில் இதைப் பேச உங்களுக்கு இடமே இல்லை. வயல் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதையும் பிரித்து நாலில் போடுங்கள்.

நெடுங்கேணியான்
இதெல்லாம் சரி, அட்டவணையை ஒட்டினீர்களா அடித்தீர்களா?

கிளி_மாணவி
அடித்துத்தான் வைத்திருக்கிறேன் அண்ணா. வயல் கேள்வி இருக்கிறது, பிரித்துப் போடுகிறேன். வயதுக்கும் அடகுக்கும் பார்த்தேன், p 0.4க்கு மேல் வந்தது, அதை எழுதாமல் விட்டால் பரவாயில்லைதானே?

மாங்குளம்_ரீச்சர்
மூன்றாம் அத்தியாயத்தில் வயதைப் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தால் எழுதத்தான் வேண்டும். "வேறுபாடு காணப்படவில்லை" என்று எழுதி, எண்ணையும் போடுங்கள். "வயது அடகைப் பாதிப்பதில்லை" என்று எழுதிவிட வேண்டாம், 120 பேரை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது.

வவுனியா_வரன்
இரண்டு வரியில் எதைப் போடப் போகிறீர்கள் என்று சொல்லவில்லையே தங்கச்சி?

பழைய_பேனா
சொல்ல மாட்டா. வேலை முடிந்ததும் ஒருவரும் திரும்பி வருவதில்லை.

கிளி_மாணவி
கொடுத்துவிட்டேன், நாலாம் அத்தியாயம் ஏற்றுக்கொண்டார். Pearson வரியைத்தான் போட்டேன், பக்கத்தில் "திருத்தியது?" என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். நன்றி ரீச்சர்.

வவுனியா_வரன்
நான் சொன்னேனே.