அவரைக்கொடி ஆறு மாதமாகப் பூக்கவில்லை, பிடுங்கிவிடலாமா?

கமலா_மாடி (ஜூலை 28, காலை 7:10)
வணக்கம். மொட்டை மாடியில் அவரை போட்டிருக்கிறேன். பந்தல் முழுக்க அடர்ந்துவிட்டது, இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஆனால் ஒரு பூ கூட இல்லை. மோர்க் கரைசல், பஞ்சகவ்யா எல்லாம் கொடுத்தாயிற்று. அந்த இடத்தில் வேறு ஏதாவது வை என்று வீட்டில் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும். பிடுங்கிவிடலாமா?

தொட்டி_சேகர் (காலை 7:42)
எந்த ஊர்? என்றைக்கு விதைத்தீர்கள்? கொடி அவரையா, செடி அவரையா? பை எவ்வளவு பெரியது? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

மண்புழு_மணி (காலை 8:05)
தழைச்சத்து கூடிவிட்டது, வேறொன்றும் இல்லை. இலை உள்ளங்கை அகலம் என்று நீங்களே சொல்கிறீர்களே. பஞ்சகவ்யாவை நிறுத்துங்கள். தூரைச் சுற்றி ஒரு கைப்பிடி மரச்சாம்பல் போட்டு, கொடி நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். பதினைந்து நாளில் பூத்துவிடும். என் வீட்டுப் பாகலில் இதைத்தான் செய்தேன்.

கோத்தகிரி_விஜி (காலை 8:31)
எங்களுக்கு விதைத்த ஐம்பதாம் நாளே காய் பறிக்க வந்துவிடும். உங்கள் விதை சரியில்லை என்று நினைக்கிறேன்.

தொட்டி_சேகர் (காலை 8:36)
விஜி, நீங்கள் சொல்வது பீன்ஸ். கமலா கேட்பது அவரை. அதன் கணக்கே வேறு.

ஆடிப்பட்டம் (காலை 9:15)
மாதத்துக்கு ஒருமுறை இதே கேள்வி வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படித்தால் என்ன? ஆடிப்பட்டம் தேடி விதை என்று படிக்காத பாட்டிகூடச் சொல்வாள். பட்டம் தெரியாமல் விதைத்துவிட்டு, செடியைக் குறை சொல்லி என்ன பயன்?

கமலா_மாடி (காலை 11:20)
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். ஊர் சென்னை, மடிப்பாக்கம். 15 அங்குலப் பை, அதில் இரண்டு கொடிகள். விதைப் பொட்டலம் ஒன்று வாங்கினேன், பன்னிரண்டு வகை விதை இருந்தது. பொங்கல் முடிந்த வாரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தேன். வெள்ளரியும் புடலையும் நன்றாகக் காய்த்தன. காலிஃப்ளவரில் இலை மட்டும்தான் வந்தது, ஏப்ரலில் காய்ந்துவிட்டது. அவரைதான் இப்படி நிற்கிறது. பொட்டலத்தில் "அவரை" என்று மட்டும்தான் போட்டிருந்தது.

தொட்டி_சேகர் (காலை 11:31)
முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே! பொங்கலுக்கு அப்புறம் விதைத்தீர்கள் என்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. வேலு சார் வரட்டும்.

பந்தல்_வேலு (மதியம் 1:50)
கமலா அம்மா, உங்கள் கொடிக்கு நோயும் இல்லை, பசியும் இல்லை. அது நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாட்டுக் கொடி அவரை, பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். சென்னையில் ஜூன் கடைசியில் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம், டிசம்பர் கடைசியில் 11 மணி 20 நிமிடம். ஒன்றரை மணி நேர வித்தியாசம் நமக்கு உறைக்காது, அவரைக்கு உறைக்கும். செப்டம்பர் கடைசியில் பகல் 12 மணிக்கு வந்து, அதற்கும் கீழே இறங்க ஆரம்பித்த பிறகுதான் கொடிக்குப் பூக்கும் எண்ணமே வரும். மார்கழி, தை மாதங்களில் சந்தையில் அவரை குவிவதும், பெங்களூரில் டிசம்பர், ஜனவரியில் அவரைக்காய் மலிவதும் இதனால்தான்.

அதுவரை எந்தக் கரைசலைத் தெளித்தாலும் பூக்காது. மணி சொன்னதில் பாதி சரி. தழைச்சத்து மிகுந்தால் பூத்த பிறகும் காய் குறையும், அதனால் பஞ்சகவ்யாவை நிறுத்துவது நல்லதுதான். ஆனால் பதினைந்து நாளில் பூக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். பாகலுக்கு இந்தக் குணம் இல்லை.

சுமதி_நங்கநல்லூர் (மதியம் 2:25)
சார், ஒரு சந்தேகம். பொங்கல் சமயத்திலும் பகல் குறைவுதானே? அப்போதே பூத்திருக்க வேண்டாமா?

பந்தல்_வேலு (மதியம் 2:48)
நல்ல கேள்வி அம்மா. அப்போது அது இரண்டு இலைக் கன்று. கொடி ஓடி, உடம்பு வைத்துப் பூக்கத் தயாராகும்போது மார்ச் கடைசி வந்துவிட்டது. பகல் 12 மணியைத் தாண்டிவிட்டது, கதவு மூடிவிட்டது. அதற்கு அப்புறம் ஆறு மாதம் இலைதான்.

ஆடியில் விதைப்பதன் பலன் இங்கேதான் தெரியும். ஆடியில் போட்ட விதைக்குக் கொடி வளர மூன்று மாதம் கிடைக்கிறது. பந்தல் ஏறி நான்கைந்து கிளை பிரிந்து நிற்கும்போது ஐப்பசி வருகிறது, அத்தனை கிளையிலும் மொட்டு வரும். புரட்டாசியில் விதைத்தாலும் பூக்கும்தான், ஆனால் இடுப்பளவு வளர்ந்ததுமே பூத்துவிடும். காய் சொற்பம்.

ஆடிப்பட்டம் (மதியம் 3:02)
நான் ஒரு வரியில் சொன்னதை இவர் ஒரு பக்கத்தில் சொல்கிறார். முன்னோர் சொன்னபடி எல்லாவற்றையும் ஆடியில் விதையுங்கள், தப்பே நடக்காது.

செம்மண்_கோவை (மாலை 4:40)
எல்லாவற்றையும் ஆடியிலா? நண்பரே, அந்தப் பழமொழி மானாவாரி நிலத்துக்கு. எங்கள் ஊரில் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் மூன்றாவது மாடியில் பந்தல் நிற்காது. போன வருடம் பீர்க்கங்கொடி பந்தலோடு பக்கத்து வீட்டில் விழுந்தது. நான் அவரை விதையை ஆடிக் கடைசியில் சின்னத் தொட்டியில் சுவர் ஓரமாக முளைக்க வைத்து, காற்று தணிந்ததும் பெரிய பைக்கு மாற்றுகிறேன். காலிஃப்ளவரை ஆடியில் போட்டால் சென்னை வெயிலில் பூ கட்டுமா, நீங்களே சொல்லுங்கள்.

ஆடிப்பட்டம் (மாலை 4:55)
காலிஃப்ளவர் நம் ஊர்ப் பயிரே இல்லை. நான் நாட்டுக் காய்களைச் சொல்கிறேன்.

செம்மண்_கோவை (மாலை 5:03)
"எல்லாவற்றையும்" என்று எழுதியது நீங்கள்தான்.

கமலா_மாடி (மாலை 6:15)
காலிஃப்ளவரை எந்த மாதம் போட்டிருக்க வேண்டும்? மற்ற விதைகளும் பாதி மிச்சம் இருக்கின்றன.

பந்தல்_வேலு (இரவு 8:30)
என் மாடி தாம்பரத்தில், உங்களுக்குப் பக்கம்தான். நான் செய்வதைச் சொல்கிறேன்.

தையும் மாசியும் கொடிக்காய்களுக்கு. வெள்ளரி, புடலை, பீர்க்கை, பாகல். வெயில் ஏற ஏற ஓடும். உங்களுக்கு வெள்ளரியும் புடலையும் காய்த்தது அவற்றின் மாதத்தில் விழுந்ததால்தான். பங்குனியிலும் சித்திரையிலும் புதிதாக நான் போடுவது வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை மட்டும். தக்காளியை அப்போது தொடுவதில்லை. செடி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இரவும் புழுங்குவதால் பூவெல்லாம் காம்போடு உதிரும்.

ஆடியில் அவரை, கத்தரி நாற்று, மிளகாய் நாற்று, இரண்டாம் முறை கொடிக்காய்கள். ஆவணியில் தக்காளி விதை. குளிர்காலக் காய்களில்தான் கவனம் வேண்டும். காலிஃப்ளவருக்கும் முட்டைக்கோஸுக்கும் புரட்டாசியில் குழித்தட்டில் விதை போடுகிறேன். 25 முதல் 30 நாளில் நாற்று தயார். பூ கட்டும் நேரம் மார்கழிக் குளிரில் விழ வேண்டும், கணக்கை அங்கிருந்து பின்னால் எண்ணி வாருங்கள். உங்களுடையது மார்ச் வெயிலில் மாட்டிக்கொண்டது. கேரட்டும் பீட்ரூட்டும் நாற்று மாற்றினால் கிழங்கு கோணலாகும், நேராகப் பையிலேயே விதைக்க வேண்டும்.

சுமதி_நங்கநல்லூர் (இரவு 9:05)
சார், புரட்டாசி நாற்றை ஐப்பசியில் நட்டால் அப்போதுதானே மழை கொட்டுகிறது? எனக்கு இரண்டு வருடம் நாற்று அழுகியது. இப்போது கார்த்திகை பாதியில்தான் நாற்று நடுகிறேன். பூ சின்னதாக வருகிறது, ஆனால் வருகிறது.

பந்தல்_வேலு (இரவு 9:20)
நான் மழைக்கு முன்னால் நாற்றுக்கு நான்கைந்து இலை வந்துவிட வேண்டும் என்று பார்ப்பேன். தூறல் விழும் முன் பைகளைச் செங்கல் மேல் ஏற்றி, அடித்துளைகளைக் குச்சியால் குத்தி விடுவேன். அப்படியும் கனமழை வருடத்தில் பாதி போய்விடும். உங்கள் முறையில் மழைக்குத் தப்பலாம், ஆனால் மாசி வெயில் முந்திக்கொண்டால் பூ விரிந்துவிடும். இரண்டு தவணையாகப் போட்டால் ஒன்றாவது மிஞ்சும்.

மண்புழு_மணி (இரவு 9:41)
அப்படியானால் வருடம் முழுக்கக் காய்க்கும் அவரை என்று விற்கிறார்களே, அது பொய்யா?

பந்தல்_வேலு (இரவு 9:52)
பொய் இல்லை. அது செடி அவரை. பெங்களூர் ஹெசரகட்டா ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் போன்றவை பகல் நீளம் பார்க்காதவை, எந்த மாதமும் பூக்கும். இடுப்பளவுதான் வளரும், பந்தல் வேண்டாம். கமலா அம்மாவின் செடி பந்தல் முழுக்கப் படர்ந்திருப்பதால் அது கொடி அவரை என்பது உறுதி.

தொட்டி_சேகர் (இரவு 10:10)
அப்போது பிடுங்கலாமா, வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

பந்தல்_வேலு (ஜூலை 29, காலை 6:20)
பிடுங்க வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். 15 அங்குலப் பையில் ஆறு மாதக் கொடியின் வேர் சுற்றிக்கொண்டிருக்கும். கொடியை மூன்றடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். மேல் மண்ணை இரண்டு அங்குலம் கிளறி எடுத்துவிட்டு, இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். வெட்டிய இடத்திலிருந்து புதுக்கிளை வரும். ஆனால் பழைய கொடியை மட்டும் நம்பாமல், இந்த வாரமே வேறொரு பையில் மூன்று விதை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும்.

மொட்டு வந்ததும் பூங்கொத்தைத் தினமும் பாருங்கள். கறுப்பு அசுவினி கொத்தோடு மொய்க்கும். முதல் நாளே தண்ணீரைப் பீய்ச்சி விரலால் வழித்துவிட்டால் போதும். ஒரு வாரம் விட்டால் மொட்டெல்லாம் சுருண்டுவிடும்.

அப்புறம் ஒன்று. இரவில் பந்தல் மேல் விளக்கு வெளிச்சம் விழுகிறதா?

கமலா_மாடி (ஜூலை 29, காலை 9:00)
தெருவிளக்கு நேர் எதிரே இருக்கிறது. கிழக்குப் பக்கப் பந்தலில் இரவெல்லாம் வெளிச்சம்தான். அதுவும் காரணமா?

ஆடிப்பட்டம் (காலை 9:12)
தெருவிளக்கு! இனி நிலா வெளிச்சத்தையும் சொல்வீர்கள்.

பந்தல்_வேலு (காலை 9:40)
சோயா வயலில் விளக்குக் கம்பத்தைச் சுற்றி மட்டும் செடி பூக்கத் தாமதித்துப் பச்சையாகவே நிற்கும். அவரைக்கும் நீண்ட இரவுதான் வேண்டும், அந்த இரவை விளக்கு உடைத்துவிடலாம். புதுப் பையை மேற்குப் பக்கம் வையுங்கள். கிழக்குப் பக்கத்தில் ஒரு பழைய சாக்கை மறைப்பாகக் கட்டிப் பார்க்கலாம்.

செம்மண்_கோவை (காலை 10:05)
நிலா வெளிச்சம் தெருவிளக்கின் அளவில் சிறு பங்குதான். இரண்டையும் ஒன்றாகப் பேச வேண்டாம்.

தொட்டி_சேகர் (அக்டோபர் 19, இரவு 7:30)
கமலா, கொடி என்ன ஆயிற்று?

கமலா_மாடி (நவம்பர் 23, காலை 6:55)
மழையில் இணையம் இல்லை, மன்னிக்கவும். ஆடியில் போட்ட கொடியில் நவம்பர் 6 அன்று முதல் மொட்டு. நேற்று கால் கிலோ பறித்தேன், பொரியல் செய்தோம். வெட்டிவிட்ட பழைய கொடி மேற்குப் பக்கம் பூத்திருக்கிறது. சாக்கு காற்றில் கிழிந்துபோனது, தெருவிளக்குப் பக்கம் இன்னும் இலை மட்டும்தான். காலிஃப்ளவர் நாற்று பதினெட்டில் ஆறு மிச்சம். வேலு சாருக்கு நன்றி.