அட்வான்ஸ் 90,000-ல் 56,090 கழித்த ஓனர்: பதில் கடிதத்தில் எதை மறுப்பது, எதை ஒத்துக்கொள்வது?

தாம்பரம்வாசி:
தங்கச்சி வீட்டுக் கணக்கு இது. கடிதம் எழுத வேண்டியது நான். குடிவந்தது 1.9.2022, காலி செய்தது 31.10.2025. அட்வான்ஸ் 90,000. வாடகை முதல் 11 மாதம் 15,000, அடுத்த 11 மாதம் 15,750, கடைசி 16 மாதம் 16,500.

நவம்பர் 20 அன்று ஓனர் 33,910 மட்டும் அக்கவுன்ட்டில் போட்டார். கழித்ததற்கு வாட்ஸ்அப்பில் கணக்கு வந்தது: பெயின்டிங் 28,500, பாத்ரூம் கதவு 6,800, பிளம்பிங் 2,350, ஈ.பி. 1,940, அக்டோபர் வாடகை பாக்கி 16,500. மூன்று பில்களின் போட்டோவும் கூடவே அனுப்பியிருக்கிறார். எங்களிடம் 25 மாதத்துக்கு ரசீது இருக்கிறது, 12 மாதத்துக்கு யுபிஐ பதிவு இருக்கிறது. ஜனவரி 2024-க்கு மட்டும் எதுவும் இல்லை. மொத்தத்தையும் மறுத்து எழுதலாமா?

சட்டப்புலி:
மொத்தத்தையும் மறுங்க. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ல வந்துச்சு. அதன்படி வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கிறது எல்லாம் ஓனர் வேலை. அட்வான்ஸும் மூணு மாசத்துக்கு மேல வாங்கவே கூடாது. ஆறு மாசம் வாங்கினதே தப்பு. கடிதத்துல முதல் வரியே அதுவா இருக்கட்டும்.

ரசீதுபுக்:
சட்டப்புலி சொல்வதில் பாதிதான் சரி. எந்த வேலை யாருடையது என்று சட்டத்தோடு சேர்ந்திருக்கும் பட்டியலில் வெள்ளையடிப்பது ஓனர் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் எழுத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாத வரைக்கும்தான் அந்தப் பட்டியல் செல்லும். மூன்று மாத வரம்பும் அப்படித்தான். அக்ரிமென்ட்டில் 90,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், இப்போது அதைக் கிளப்பிப் பயனில்லை.

தாம்பரம்வாசி, அக்ரிமென்ட்டில் பெயின்டிங் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா? சென்னைப் பக்கம் முக்கால்வாசி அக்ரிமென்ட்டில் இருக்கும்.

தாம்பரம்வாசி:
இருக்கிறது. "காலி செய்யும்போது பெயின்டிங்கிற்காக ஒரு மாத வாடகை பிடித்தம் செய்துகொள்ளப்படும்." மூன்று அக்ரிமென்ட்டிலும் இதே வரிதான்.

ரசீதுபுக்:
அப்போது பெயின்டிங்குக்கு 16,500-ஐ ஒத்துக்கொள்ளுங்கள். அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்துகிற அளவுக்கு அவரையும் கட்டுப்படுத்தும். 28,500 செலவானது என்று அவர் எத்தனை பில் காட்டினாலும் ஒரு மாத வாடகைக்கு மேல் பிடிக்க முடியாது. மறுக்க வேண்டியது மீதி 12,000 மட்டும். எத்தனை லிட்டர் பெயின்ட் ஆனது என்று சண்டை போடாதீர்கள். அதில் இறங்கினால் கடிதம் எங்கேயோ போய்விடும்.

இருந்தாலும் அந்தப் பில்லின் தலைப்பை ஒருமுறை பாருங்கள்.

தாம்பரம்வாசி:
இப்போதுதான் கவனிக்கிறேன். மேலே "கொட்டேஷன்" என்றுதான் இருக்கிறது. தேதி 12.11.2025. உள்ளே "வெளிப்புற எமல்ஷன் 10 லிட்டர்" என்று ஒரு வரியும் இருக்கிறது!

ரசீதுபுக்:
கொட்டேஷன் என்பது வேலைக்கு முன்னால் பெயின்டர் கொடுக்கிற மதிப்பு. பணம் செலவானதற்கு அது ஆதாரம் ஆகாது. வெளிச்சுவரும் வாடகைதாரர் தலையில் வராது. இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.

உங்கள் கணக்கில் பெரிய விஷயம் அக்டோபர் வாடகைதான். அக்டோபர் பணம் எப்போது போனது?

தாம்பரம்வாசி:
3.10.2025, யுபிஐ, 16,500. அது செப்டம்பர் வாடகை என்கிறார். மாதம் முடிந்த பிறகுதான் வாடகை வாங்குவது வழக்கமாம்.

ரசீதுபுக்:
நான் பார்த்த வரைக்கும் வாடகை பாக்கி என்று வருகிற தகராறில் நிறைய இப்படித்தான் கிளம்பும். பணம் வந்ததை யாரும் மறுக்க மாட்டார்கள். எந்த மாதத்துக்கு வந்தது என்பதில்தான் சிக்கல். யுபிஐ பதிவில் தேதியும் தொகையும் இருக்கும். குறிப்பில் "வாடகை" என்று மட்டும் போட்டிருந்தால் மாதம் தெரியாது.

அதைத் தீர்க்கிறது முதல் ரசீது. குடிவந்த அன்று அட்வான்ஸோடு வாடகையும் கொடுத்தீர்களா? அந்த ரசீதில் என்ன மாதம் எழுதியிருக்கிறது?

தாம்பரம்வாசி:
1.9.2022 தேதியிட்ட ரசீது. "செப்டம்பர் 2022 மாத வாடகை ரூ.15,000 பெற்றுக்கொண்டேன்." கையெழுத்து, ஒரு ரூபாய் ஸ்டாம்ப் இரண்டும் உண்டு.

ரசீதுபுக்:
முடிந்தது. முதல் மாத வாடகையை மாத ஆரம்பத்திலேயே வாங்கியிருக்கிறார். அங்கிருந்து மாதத்துக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டு வந்தால் 3.10.2025-ல் போனது அக்டோபர் வாடகை. செப்டம்பர் 2022 முதல் அக்டோபர் 2025 வரை 38 மாதம், 38 தவணை. இதைக் கடிதத்தோடு ஒரு தனித்தாளில் வரிசையாகப் போடுங்கள்: மாதம், தேதி, தொகை, ரசீதா யுபிஐயா. மொத்தம் 6,02,250 வரும். யுபிஐக்கு போன் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், பேங்க் ஸ்டேட்மென்ட் எடுங்கள்.

சட்டப்புலி:
ஸ்டாம்ப் ஒட்டாத ரசீது ஏதாச்சும் இருந்தா அதெல்லாம் செல்லாது, லிஸ்ட்டுல இருந்து எடுத்துடுங்க.

ரசீதுபுக்:
எடுக்க வேண்டாம். 5,000-க்கு மேல் ரொக்க ரசீதுக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியது வாங்கிக்கொண்டவர். அவர் ஒட்டாமல் கொடுத்த ரசீதை அவருக்கு எதிராகவே ஒரு சின்ன அபராதம் கட்டிச் சேர்க்க வழி இருக்கிறது.

மாடிவீடு (ஓனர்):
நானும் வாடகைக்கு விடுகிறவன்தான், ஓனர் பக்கமும் ஒன்று சொல்கிறேன். கதவு 6,800 என்பதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். பாத்ரூமில் தண்ணீரை வாரி இறைத்துக் கதவை நாசமாக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்தக் கதவு என்ன ஆனது?

தாம்பரம்வாசி:
பழைய பிளைவுட் கதவு. கீழே அரை அடி உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. டிசம்பர் 2024-லேயே தங்கச்சி போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். "பார்க்கலாம்மா" என்று பதில் வந்திருக்கிறது.

மாடிவீடு (ஓனர்):
அடிப்பக்கம் மட்டும் சீராக உப்பியிருந்தால் அது தண்ணீர் ஏறினது. கதவில் ஓட்டை, கீல் பிய்ந்தது, தாழ்ப்பாள் பக்கம் பிளந்தது என்றால்தான் ஆள் செய்த சேதம். இந்தக் கேஸில் நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் பாதியாவது கேட்கலாம் என்று சொல்கிற ஓனர்களும் உண்டு.

ரசீதுபுக்:
கேட்பார்கள். அந்த "பார்க்கலாம்மா" பதில்தான் உங்களுக்குப் பலம். பழுது தெரிந்தும் பத்து மாதம் சும்மா இருந்திருக்கிறார். பழைய கதவுக்குப் புதுக்கதவின் முழு விலையைப் பிடிப்பதும் சரியில்லை. கதவு பில்லில் ஜிஎஸ்டி போட்டிருக்கிறதா?

தாம்பரம்வாசி:
கதவும் கூலியும் 5,763, ஜிஎஸ்டி 18% 1,037. ஜிஎஸ்டி எண் எங்கேயும் இல்லை.

ரசீதுபுக்:
வரி வசூலிக்கிற பில்லில் 15 இலக்க எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் ஆரம்பிக்கும். எண் இல்லாதவர் வரி வாங்க முடியாது. கடிதத்தில் "போலி பில்" என்று எழுதாதீர்கள், வார்த்தை தடித்துவிடும். "ஜிஎஸ்டி எண்ணுடன் அசல் பில்லைக் காட்டவும்" என்றால் போதும்.

நங்கநல்லூர் அம்மா:
நாங்க 6 லட்சம் லீசுக்கு இருக்கோம், மாச வாடகையே கிடையாது. காலி பண்ணும்போது எங்ககிட்டயும் இப்படி பெயின்டிங்குக்கு பிடிப்பாங்களா?

ரசீதுபுக்:
அம்மா, லீசில் மாத வாடகை இல்லாததால் "ஒரு மாத வாடகை" என்கிற கணக்கே வராது. உங்கள் லீஸ் பத்திரத்தில் எழுதியிருப்பதுதான். தனியாகப் பதிவு போடுங்கள், இங்கே கலந்துவிடும்.

பிளம்பிங் பில்லில் என்னென்ன?

தாம்பரம்வாசி:
கிச்சன் குழாய் 850, சிங்க் வேஸ்ட் பைப் 300, கூலி 600, மோட்டார் கண்டென்சர் 600.

ரசீதுபுக்:
குழாய், சிங்க் மாதிரிச் சில்லறை ரிப்பேர் வாடகைதாரர் பக்கம். 1,750-ஐக் கொடுத்துவிடுங்கள். மோட்டார் அங்கிருக்கும் எல்லா வீட்டுக்கும் பொது என்றால் அந்த 600 உங்களுடையது இல்லை. ஈ.பி. மீட்டர் கணக்கு சரியாக இருந்தால் 1,940-ஐயும் முழுசாக ஒத்துக்கொள்ளுங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிற ஆள் என்று தெரிந்தால்தான் மறுப்பதற்கு மதிப்பு.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். அனுப்புநர், பெறுநர், தேதி, வீட்டு முகவரிக்குக் கீழே இப்படி:

"பொருள்: அட்வான்ஸ் பிடித்தம் ரூ.56,090 – மறுப்பும் மீதித் தொகை கோரிக்கையும்.

ஐயா, மேற்படி வீட்டை 31.10.2025 அன்று காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். தாங்கள் அனுப்பிய கணக்கில் கீழ்க்கண்டவற்றை ஏற்கிறேன்: ஒப்பந்தப்படி பெயின்டிங் ரூ.16,500, பிளம்பிங் ரூ.1,750; மின்கட்டணம் ரூ.1,940. ஆக ரூ.20,190.

கீழ்க்கண்டவற்றை ஏற்கவில்லை. பெயின்டிங்கில் ஒப்பந்தத்திற்கு மேற்பட்ட ரூ.12,000: தாங்கள் அனுப்பியது கொட்டேஷன், அதில் வெளிச்சுவர் வேலையும் சேர்ந்துள்ளது. பொது மோட்டார் பாகம் ரூ.600. பாத்ரூம் கதவு ரூ.6,800: இயல்பான தேய்மானம், டிசம்பர் 2024-இல் தங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. இதற்குச் செலவானதாகக் கூறும் தொகைக்கு ஜிஎஸ்டி எண்ணுடன் அசல் பில்லைக் காட்டவும். அக்டோபர் 2025 வாடகை ரூ.16,500: 3.10.2025 அன்று செலுத்தப்பட்டது; 1.9.2022 ரசீதின்படி வாடகை அந்தந்த மாதத்திற்கே பெறப்பட்டு வந்துள்ளது. ஆக ரூ.35,900.

அட்வான்ஸ் ரூ.90,000-இல் ரூ.20,190 போக எனக்கு வரவேண்டியது ரூ.69,810. பெற்றது ரூ.33,910. மீதி ரூ.35,900-ஐ இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன்."

காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்று அதே 2017 சட்டத்தின் 11-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு வரியில் சேர்க்கலாம். இணைப்பாக வைப்பதெல்லாம் ஜெராக்ஸ்தான், அசல் உங்களிடமே இருக்கட்டும்.

மாடிவீடு (ஓனர்):
ரிஜிஸ்டர் தபால்தானே?

ரசீதுபுக்:
செப்டம்பர் 2025 முதல் ரிஜிஸ்டர் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுன்ட்டரில் ஸ்பீட் போஸ்ட்டாகப் போட்டு, டெலிவரி ஆதாரமும் வேண்டும் என்று கேளுங்கள். அதே கடிதத்தை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள்.

தாம்பரம்வாசி:
ஜனவரி 2024-க்கு ஆதாரம் இல்லாததை அந்தத் தனித்தாளில் எப்படிக் காட்டுவது?

ரசீதுபுக்:
"ரொக்கம், ரசீது தரப்படவில்லை" என்று எழுதுவேன். 38-க்கு 37 என்று அவரே கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாமே சொல்வது நல்லது. அதற்கப்புறம் 21 மாத வாடகை வாங்கியிருக்கிறார். ஒருமுறைகூட பழைய பாக்கி என்று குறித்ததில்லை, அவர் அனுப்பிய கணக்கிலும் அது இல்லை.

மாடிவீடு (ஓனர்):
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் கேட்டது அக்டோபர் மட்டும். கேட்காத மாதத்தை நீங்களே எடுத்துக் கொடுப்பானேன்? கடைசி ஒரு வருட லிஸ்ட் போதும்.

சட்டப்புலி:
15 நாள்ல பணம் வரலேன்னா நேரா ரென்ட் அதாரிட்டி. பயந்துடுவார்.

ரசீதுபுக்:
அக்ரிமென்ட் tenancy.tn.gov.in-ல் பதிவாகி எண் வாங்கியிருந்தால் அந்த வழி சுலபம். பதிவாகாத 11 மாத அக்ரிமென்ட் என்றால் மனுவை எடுப்பார்களா என்பதில் வக்கீல்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தாம்பரம்வாசி, உங்களுடையது பதிவாகியிருக்கிறதா?

தாம்பரம்வாசி:
இல்லை, 20 ரூபாய் பத்திரத்தில் டைப் அடித்து வாங்கியதுதான். கடிதம் நாளைக்குப் போகிறது. ஜனவரி 2024 தங்கச்சியின் ஏடிஎம் பதிவில் ஏதாவது இருக்கிறதா என்று தேடிவிட்டு அந்தத் தாளை முடிவு பண்ணுகிறேன்.