பார்கோடுல 890 இருந்தா இந்தியப் பொருளா? எங்க ஸ்கூல் ப்ரேயர்ல பேசினது

பாலக்கோட்டு கணக்கு டீச்சர்

எங்க பள்ளியில காலை ப்ரேயர்ல ஆசிரியருங்க முறை வச்சு அஞ்சு நிமிஷம் பேசணும். வழக்கமா திருக்குறள், பொன்மொழின்னு போகும். என் முறை வந்தப்போ, "வீட்ல இருக்கிற காலி பாக்கெட், டப்பா எதுனாலும் ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்க, எந்த எண், எழுத்து எந்த நாட்டைக் காட்டிக் கொடுக்குதுன்னு பாப்போம்"னு முன்னாடியே சொல்லி வச்சிட்டேன். பிஸ்கட் கவர், சோப்பு டப்பா, கொசுவத்தி அட்டைன்னு குவிஞ்சிடுச்சு.

வாட்ஸ்அப்ல வருஷக்கணக்கா ஒரு செய்தி சுத்துது: பார்கோடு 890-ல ஆரம்பிச்சா இந்தியப் பொருள், 690-ல இருந்து 699 வரைன்னா சீனப் பொருள், வாங்காதீங்க. பாதிப் பிள்ளைங்களுக்கு அது மனப்பாடம். அதனால முதல்ல எட்டாவது பையன் ஒருத்தன் கொண்டுவந்த ஜியாமெட்ரி பாக்ஸை மைக் பக்கத்துல வச்சு எண்ணைப் படிக்கச் சொன்னேன். 890-ன்னு கத்தினான், எல்லாரும் கை தட்டினாங்க. அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். இறக்குமதி செஞ்ச கம்பெனியோட பேரு, டெல்லி விலாசம், அதுக்குக் கீழ பிறப்பு நாடு சீனா. கூட்டம் அமைதியாயிடுச்சு.

அப்புறம் நான் சொன்னது இவ்வளவுதான். 890-ங்கிறது அந்த எண்ணைக் கொடுத்த அலுவலகம் எங்க இருக்குன்னு காட்டுது. ஜிஎஸ்1 இந்தியாங்கிற அமைப்பு, டெல்லியில இருக்கு. கம்பெனி அங்க பணம் கட்டிப் பதிஞ்சா 890-ல ஆரம்பிக்கிற ஒரு முன்னெண் கிடைக்கும். அதுக்குப் பின்னாடி இருக்கிற இடத்துல கம்பெனியே தன் பொருளுங்களுக்கு வரிசையா எண் போட்டுக்கும். கடைசி எண் மட்டும் கணக்குப் போட்டு வர்றது. பொருளை எந்த ஊர்ல செஞ்சாங்கன்னு இந்த 13 எண்ணுல ஒரு இடத்துலயும் கிடையாது. சைக்கிளை எந்தக் கடையில வாங்கினோம்னு ரசீது சொல்லும், எந்தப் பட்டறையில செஞ்சாங்கன்னு அதுல எங்க இருக்கும்?

மணி அடிச்சிட்டாங்க, அதோட நிறுத்த வேண்டியதாப் போச்சு. இதுமாதிரி நீங்க பாத்தது ஏதாவது இருந்தா எழுதுங்க, அடுத்த முறைக்கு எடுத்துக்கிறேன்.

அரூர் ரிட்டயர்டு

டீச்சரம்மா, உங்க பேச்சு நல்லா இருக்கு. ஆனா பிள்ளைங்களைக் குழப்பிட்டீங்களோன்னு தோணுது. 890 இருந்தா வரி கட்டுறவன் நம்ம நாட்டுக் கம்பெனிதானே? அப்போ அதைப் பாத்து வாங்கச் சொல்றதுல என்ன தப்பு? 69-ல ஆரம்பிக்கிறதை ஒதுக்கினா சீனப் பொருள் குறையத்தானே செய்யும். நான் பத்து வருஷமா அப்படித்தான் பாத்து வாங்குறேன். பேரன் பொம்மை கேட்டாக்கூட முதல்ல கோட்டைத்தான் பாப்பேன்.

காவேரிப்பட்டணம் பல்ப்

ஐயா, உங்க கணக்குப்படி பாத்தா எங்க ஊரு மாங்கூழையே நீங்க வாங்க மாட்டீங்க. நான் மாங்கூழ் ஃபேக்டரியில லேபிள் பக்கம் வேலை பாக்குறேன். சீசன்ல ராத்திரி பகலா பெங்களூரா காய் லாரி லாரியா வந்து இறங்கும். பெரிய ஓட்டலுக்கும் ஐஸ்கிரீம் போடுறவங்களுக்கும் போறது 3.1 கிலோ டின். வீட்டுக்காரங்க வாங்குறது 850 கிராம் டின்.

அந்த 850 கிராம்ல பாதிக்கு மேல நம்ம பேரு இருக்காது. துபாய்க்காரன், சவுதிக்காரன், லண்டன் கடைக்காரன் அவனவன் பிராண்டுல கேப்பான். லேபிள் டிசைன் அவன்தான் அனுப்புவான், பார்கோடும் அதுலயே வந்துடும். அமீரகம் 629, சவுதி 628, இங்கிலாந்து 50. காய் போச்சம்பள்ளி தோட்டத்துது, டின் அடைச்சது இங்க, லேபிள் ஒட்டினது நான். எண் மட்டும் அவனுது. ஓரத்துல "இந்தியாவில் தயாரானது"ன்னு இங்கிலீஷ்ல பொடியா இருக்கும், அவ்வளவுதான். துபாய்ல வேலை பாக்கிற என் மச்சான் ஒரு டின் வாங்கி, "பாரு, துபாய் மாங்கூழ் என்னா டேஸ்ட்டு"ன்னு போட்டோ அனுப்பினான். அடியில அச்சடிச்சிருந்த பேட்ச் எண்ணைப் பாத்தா எங்க ஃபேக்டரிது.

எந்த ஊர்ல செஞ்சதுன்னு தெரியணும்னா பேட்ச் எண்ணும், தயாரிப்பாளர் விலாசமும்தான். சில பாக்கெட்ல மூணு நாலு விலாசம் போட்டு, பேட்ச் எண்ணோட முதல் எழுத்தைப் பாத்துக்கோங்கன்னு எழுதியிருப்பாங்க. அந்த எழுத்துதான் ஃபேக்டரி.

ஓசூர் நைட் ஷிப்ட்

எனக்கும் இதே தலைவலிதான். அத்திப்பள்ளியில இருக்கிற ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹாண்ட் வண்டி வாங்கினேன், கேஏ 51 நம்பர். ஓசூருக்கு மாத்தி டிஎன் 70 வாங்கணும்னா அங்க தடையில்லாச் சான்று வாங்கணும்ங்கிறாங்க. நம்பர் பிளேட் வச்சு எந்த ஊருன்னு கண்டுபிடிக்கிறது ஓகே, மாத்துறதுக்கு எவ்ளோ நாள் ஆகும்னு யாராவது சொல்லுங்க.

காவேரிப்பட்டணம் பல்ப்

அண்ணா, இங்க பேசுறது பார்கோடு. ஆனா உங்க வண்டியிலயே ஒரு நாட்டுக் குறி இருக்கு, சேசிஸ் நம்பரைப் பாருங்க. முதல் எழுத்து எம்-னு இருக்கும். எம்.ஏ.ல இருந்து எம்.இ. வரைக்கும் இந்தியாவுக்கு ஒதுக்கினது. எங்க அப்பா டிவிஎஸ்ல எம்.டி.6, பக்கத்து வீட்டு மாருதியில எம்.ஏ.3. பிளேட்டு மாறினாலும் அது மாறாது.

பாலக்கோட்டு கணக்கு டீச்சர்

அரூர் ஐயா, வரி கட்டுறது நம்ம நாட்டுக் கம்பெனியா இருக்கலாம்ங்கிறதை ஒத்துக்கிறேன். ஆனா நீங்க தேடுறது அது இல்லையே, சீனப் பொருளைத்தானே? அதுக்கு 890 உதவாது. இறக்குமதிப் பொருள்னா பிறப்பு நாடு எதுன்னு பாக்கெட்ல போடணும்னு சட்டமே இருக்கு, அந்த வரியைப் படிங்க.

ப்ரேயர்ல நேரமில்லாம விட்டதை அப்புறம் ஒன்பதாவது வகுப்புல செஞ்சு காட்டினேன். கோட்டுக்குக் கீழ 13 எண் இருக்கு, ஆனா கோடுங்க 12 எண்ணுக்குத்தான் இருக்கு. நடுவுல நீட்டுக் கோடு ரெண்டு, அதுக்கு இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆறு. முதல்ல வர்ற 8 மட்டும் கோட்டுக்கு வெளிய தனியா நிக்கும், நல்லா கவனிங்க. அப்போ மெஷினுக்கு அந்த 8 எப்படித் தெரியுது? இடப்பக்கத்து எண் ஒவ்வொண்ணையும் ரெண்டு விதமா வரையலாம். எது எது எந்த விதம்ங்கிற வரிசையிலதான் அந்த 8 ஒளிஞ்சிருக்கு. அமெரிக்காவுல முன்னாடியே 12 எண்ணுதான் வழக்கம். 1974-ல ஒஹையோ மாநிலத்துல ஒரு சூயிங்கம் பாக்கெட்டைத்தான் முதல் முதல்ல கடையில ஸ்கேன் செஞ்சாங்க. அப்புறம் ஐரோப்பாக்காரங்க 13-ஆவது எண் வேணும்னப்போ பழைய கோட்டை அகலமாக்காம இப்படி உள்ளுக்குள்ள ஒளிச்சு வச்சாங்க. இடப்பக்கம் ஆறும் ஒரே விதமா இருந்தா முதல் எண் 0, அதாவது பழைய அமெரிக்க எண்.

ஒரு பையன் அச்சடிச்ச 8-ஐ பேனாவால அழிச்சிட்டு போன்ல ஸ்கேன் பண்ணினான். 13 எண்ணும் வந்துச்சு. அந்த பாக்கெட் இப்போ ஸ்டாஃப் ரூம்ல சுத்திக்கிட்டிருக்கு.

தருமபுரி நூலகம்

டீச்சர், உங்க பிள்ளைங்க யாராவது புத்தகம் கொண்டு வந்தாங்களா? புத்தகத்துல 978-ன்னு ஆரம்பிக்கும். அது எந்த நாடும் இல்லை, உலகத்துப் புத்தகம் எல்லாத்துக்கும் பொது. நாடு அதுக்கு அடுத்துதான் வரும். நம்ம நாட்டுப் புத்தகம்னா 978-க்குப் பின்னாடி 81 இல்லேன்னா 93.

இதுல ஒரு வேடிக்கை சொல்றேன். கடைப் பொருள்ல 955-ன்னு ஆரம்பிச்சா மலேசியா. புத்தகத்துல 978-க்கு அடுத்து 955 வந்தா இலங்கை. எங்க நூலகத்துல ஒரு வாசகர் யாழ்ப்பாணத்துப் பதிப்பகத்துப் புத்தகத்தை வச்சுக்கிட்டு, "இது மலேசியாவுல போட்டது, நான் நெட்ல பாத்தேன்"னு சாதிச்சார். உள்பக்கத்துல பதிப்பகத்து முகவரியைக் காட்டின பிறகும் பாதி மனசோடதான் போனார்.

பென்னாகரம் பில்லிங்

நான் சூப்பர் மார்க்கெட்ல பில் போடுறேன் டீச்சர். எங்ககிட்ட எந்த நாட்டுக்கும் சேராத எண் ஒண்ணு இருக்கு. காய், பழம், பருப்பு எடை போட்டு ஒட்டுற ஸ்டிக்கர் எல்லாம் 2-ல ஆரம்பிக்கும். அது என்ன நாடு? ஒரு தாத்தா "இது எந்த ஊரு கத்திரிக்கா"ன்னு அந்த 2-ஐக் காட்டிக் கேட்டாரு, எனக்குப் பதில் தெரியல.

இன்னொண்ணு. ஃப்ரிட்ஜ்ல வச்ச ஸ்டிக்கர்ல ஈரம் பட்டு ஸ்கேன் ஆகாது, கையில அடிப்போம். தப்பா அடிச்சா மெஷின் ஏத்துக்காது, அதனால பயமில்லைன்னு சூப்பர்வைசர் சொல்வாரு. ஆனா ஒருநாள் 2100345007509-ங்கிறதை அடிக்கும்போது கடைசியில எண் மாத்தி 2100345007059-ன்னு அடிச்சிட்டேன், மெஷின் எடுத்துக்கிச்சு. 750 கிராம் பன்னீருக்கு 705 கிராம்னு பில் ஆச்சு. கஸ்டமர் சந்தோஷமாப் போயிட்டாரு, வித்தியாசம் என் தலையில விழுந்துச்சு. மெஷின்ல கோளாறுன்னு சொன்னா யாரும் நம்பல.

பாலக்கோட்டு கணக்கு டீச்சர்

2-ல ஆரம்பிக்கிறது அந்தந்தக் கடை தனக்குள்ள வச்சுக்க ஒதுக்கினது தங்கச்சி. உங்க ஸ்டிக்கர்ல 00345 பன்னீர், 00750 எடை. வேற கடையில அதே எண் வேற எதுவாவோ, ஒண்ணுமே இல்லாமலோ இருக்கும். தாத்தாகிட்ட "நம்ம கடைக் கத்திரிக்கா"ன்னு சொல்லுங்க.

மெஷின்ல கோளாறு இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்க. இடப்பக்கம் இருந்து முதல், மூணாவது, அஞ்சாவதுன்னு ஒண்ணு விட்டு ஒண்ணாக் கூட்டணும். ரெண்டாவது, நாலாவதுன்னு மீதியைக் கூட்டி 3-ஆல பெருக்கணும். ரெண்டையும் சேத்து அடுத்த பத்துக்கு எவ்வளவு குறையுதோ அதுதான் கடைசி எண். உங்க 750-க்கு முதல் கூட்டல் 15, ரெண்டாவது 12, மூணால பெருக்கினா 36, மொத்தம் 51. 60-க்கு 9 குறையுது. இப்போ 705-க்குப் போடுங்க: 10, அப்புறம் 17 மூணால 51, மொத்தம் 61. 70-க்கு அதே 9.

ஒரு எண்ணை மட்டும் தப்பா அடிச்சா இந்தக் கணக்கு கண்டிப்பாப் பிடிச்சிடும். பக்கத்துப் பக்கத்து எண் ரெண்டு இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிச்சிடும். அந்த ரெண்டுக்கும் வித்தியாசம் சரியா 5-ஆ இருந்தா மட்டும் தப்பிச்சிடும். இடம் மாறும்போது மொத்தத்துல வர்ற வித்தியாசம் அந்த 5-ஓட ரெண்டு மடங்கு, அதாவது 10. கடைசி எண்ணுல 10 தெரியாது. 0-5, 1-6, 2-7, 3-8, 4-9, இந்த ஜோடிங்க எல்லாம் அப்படித்தான்.

பென்னாகரம் பில்லிங்

இதை அப்படியே பேப்பர்ல எழுதி சூப்பர்வைசர்கிட்ட காட்டினேன் டீச்சர். ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டு, "சரி, இனிமே பன்னீரை மறுபடியும் எடை போட்டுப் புது ஸ்டிக்கர் ஒட்டிக்கோ"ன்னாரு. பிடிச்ச காசைப் பத்திப் பேச்சே இல்லை.

அரூர் ரிட்டயர்டு

எல்லாம் சரி. பேரனுக்கு வாங்கின பொம்மையில 890-ம் இல்லை, 69-ம் இல்லை, 489-ன்னு இருக்கு. அது என்ன?

தருமபுரி நூலகம்

ஹாங்காங் ஐயா. அட்டைப் பின்பக்கம் பிறப்பு நாடு என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு எழுதுங்க.

அரூர் ரிட்டயர்டு

அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டான்.